மூன்று மாதக் கணக்கும் ஒரு மணி நேரத்தின் விலையும்

பங்காரப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் இரயில்வே கிளைப்பாதை, கோலார் தங்கவயலின் ஊடே ஓடி, மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. ஒரு காலத்தில் சுரங்கங்களுக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டு வருவதற்காகப் போடப்பட்ட இப்பாதை, இன்று பெரும்பாலும் மனிதர்களைச் சுமந்து செல்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வேலை தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் பணியை நிறுத்தியது வரை, நூற்றிருபது ஆண்டுகள் இவ்வூரார் ஒரே தொழிலை நம்பி வாழ்ந்தனர். சுரங்கம் மூடப்பட்ட பின்னர், விடியலுக்கு முன் புறப்படும் இரயிலில் ஏறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புவதே பலருக்கு வாழ்க்கை முறையாயிற்று. வீட்டில் இருப்போர் கைக்குக் கிடைத்த சிறு தொழில்கள் பலவற்றைச் சேர்த்து வருவாய் தேடுகின்றனர்.

ஒரு கூலியின் இடத்தில் நான்கைந்து சிறு வருவாய்கள் வந்தமர்ந்தது தங்கவயலுக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. பொருளியலுக்கான நோபல் பரிசை 2019-இல் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், குண்டூர் நகரக் குடிசைப் பகுதியொன்றின் காலைக் காட்சியை வருணித்துள்ளனர். தெருவோரத்தில் ஏறத்தாழ ஆறு வீடுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பெண்கள் தோசை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்களாம். அதே பெண்கள் பகலில் வேறு சில வேலைகளையும் செய்து வந்தனர். இவ்வாறு பல தொழில் செய்வது ஓரளவு காப்பீடு போன்றது. ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று தாங்கும். ஆனால் எந்தத் தொழிலும் வளரும் அளவுக்கு நேரம் பெறாமல் போகிறது என்பதும் உண்மை. இவ்விரண்டில் எது மேலோங்கியிருக்கிறது என்பதை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைப் பொறுத்தவரை ஊகத்தால் சொல்ல இயலாது. மூன்று மாத வருவாய்க் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சொல்ல இயலும். அதை எவ்வாறு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விளக்கத்தின் பொருட்டு மாரிகுப்பத்தில் ஒரு குடும்பத்தை நாமே அமைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் ஆய்வில் திரட்டப்பட்டவை அல்ல. கணக்கு எளிதில் விளங்குமாறு வகுக்கப்பட்டவை. கணவர் பெங்களூரில் காவலாளி. அவருடைய சம்பளத்தை இங்குச் சேர்க்க வேண்டியதில்லை. மனைவி நான்கு தொழில் செய்கிறார். அதிகாலையில் இரயில் பயணிகளுக்கு இட்லி விற்கிறார். பகலில் இரவிக்கை தைக்கிறார். இரவில் ஒப்பந்தக்காரர் தரும் மாவைக் கொண்டு ஊதுபத்தி உருட்டுகிறார். மாதம் ஒருமுறை பெங்களூர் சென்று சேலைகள் வாங்கி வந்து தவணைக்கு விற்கிறார். ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது பதின்மூன்று வாரங்கள், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வைத்துள்ளார்.

எழுத வேண்டிய மூன்றாவது பத்தி

சிறு தொழில் செய்வோரின் நோட்டுப் புத்தகத்தில் வழக்கமாக இரண்டு பத்திகளே இருக்கும்: வரவு, செலவு. இப்புத்தகத்தில் வரவுப் பத்தியை மட்டும் கூட்டினால், இட்லி 32,760 ரூபாய், இரவிக்கை 20,800 ரூபாய், சேலை 20,400 ரூபாய், ஊதுபத்தி 4,056 ரூபாய் என்று வருகிறது. ஆகவே இட்லியே தலைமைத் தொழில் என்றும், சேலை வியாபாரம் தையலுக்கு நிகரானது என்றும் தோன்றும். கடன் கேட்டு வரும் விண்ணப்பத்தை ஆராயும் அலுவலரும் பெரும்பாலும் இந்த விற்பனைத் தொகையையே கேட்டுக் குறித்துக்கொள்கிறார். இதைக் கொண்டு முடிவு செய்வது பிழைக்கு வழி வகுக்கும்.

முதலாவதாகச் செலவைக் கழிக்க வேண்டும். நாளொன்றுக்கு 420 ரூபாய்க்கு இட்லி விற்றால், அரிசி, உளுந்து, எரிவாயு, தேங்காய், இலை ஆகியவற்றுக்கு 270 ரூபாய் போகிறது. மீதி 150 ரூபாய். 78 நாள்களுக்கு 11,700 ரூபாய். இரவிக்கை ஒன்றுக்குக் கூலி 200 ரூபாய். நூல், கொக்கி, மின்சாரம், பொறி பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 25 ரூபாய் கழித்தால் 175 ரூபாய். 104 இரவிக்கைகளுக்கு 18,200 ரூபாய்.

அடுத்து, நேரத்துக்கென மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். இங்குதான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. இட்லிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று வினவினால், இரண்டரை மணி என்பதே விடையாக வரும். அது அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் நேரம். ஊறப்போடுவது, மாலையில் அரைப்பது, கடைக்குச் செல்வது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு மணி ஆகிறது. இரண்டரை மணி என்று வைத்தால் இட்லி மணிக்கு 60 ரூபாய் தருகிறது; நான்கு மணி என்று வைத்தால் 37 ரூபாய் 50 காசு மட்டுமே தருகிறது. தொழில் அதுவே, இலாபமும் அதுவே. நேரத்தை முழுமையாக எழுதியதால் மட்டும் மதிப்பு முக்கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

நேரத்தை நினைவிலிருந்து எழுதலாகாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் மீண்டும் 2024-இலும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வுகளில், முந்தைய நாளின் அதிகாலை நான்கு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரமும் அரை மணிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறிலும் செய்த வேலை கேட்டுக் குறிக்கப்பட்டது. வீட்டுக் கணக்குக்கும் அம்முறையே போதுமானது. நாள்தோறும் எழுதுவது கடினமாயின், வாரத்தில் இரு நாள்கள் மட்டும், ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு நாள்களாகத் தேர்ந்து, அரை மணிக்கு ஒரு கட்டம் வீதம் நிரப்பலாம். பிள்ளைகள் கை கொடுத்த நேரத்தைத் தனியே எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால், கூலி குறைந்த வேலை இலாபமுள்ள வேலையாகக் காட்சியளிக்கும். ஊதுபத்தி உருட்டுதலில் இது அடிக்கடி நேர்வது.

சேலை வியாபாரத்தின் உண்மை நிலை

நான்கு தொழில்களிலும் கணக்குப் பார்ப்பதற்கு மிகவும் கடினமானது சேலை வியாபாரமே. ஆகவே அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முப்பது சேலைகள், ஒன்று 500 ரூபாய் வீதம் வாங்கி 680 ரூபாய்க்கு விற்கப்பட்டன. காகிதத்தில் இலாபம் 5,400 ரூபாய். மூன்று முறை பெங்களூர் சென்று வந்த செலவு 600 ரூபாய். கொள்முதலுக்காக மகளிர் சுய உதவிக் குழுவில் பெற்ற 10,000 ரூபாய்க்கு, மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் மூன்று மாத வட்டி 600 ரூபாய். இவற்றைக் கழித்தால் 4,200 ரூபாய் நிற்கிறது. மார்ச் இறுதியில் வசூலாகாமல் நிற்பது 3,600 ரூபாய். அதில் 1,500 ரூபாய் இனி வராது என்பது விற்றவருக்கே தெரியும். எஞ்சுவது 2,700 ரூபாய்.

நேரத்தைப் பார்ப்போம். பயணம் ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணி, மூன்றுக்கு 36. காட்டி விற்பதற்கு வாரம் இரண்டு மணியாக 26. தவணை வசூலிக்கத் தெருத் தெருவாக நடப்பதற்கு வாரம் நான்கு மணியாக 52. ஆக 114 மணி. மணிக்குக் கிடைப்பது 24 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அனைவரும் கடைசியாக எண்ணும் ஊதுபத்தியோ, ஒப்பந்தக்காரர் உடைந்தவற்றுக்காகப் பிடித்ததைக் கழித்த பின்னரும், 156 மணி உழைப்புக்கு 4,056 ரூபாய், அதாவது மணிக்கு 26 ரூபாய் தருகிறது.

ஒரு மாதக் கணக்கு இதைக் காட்டியிராது. ஜனவரியில் வாங்கிய சேலைக்கான பணம் மார்ச்சில்தான் வந்து முடிகிறது. வாராக் கடன் எது என்பதும் அப்போதுதான் தெளிவாகிறது. மூன்று மாதம் என்ற அளவுக்குக் காரணம் இதுவே. மேலும், தொகையைப் பணம் வந்த மாதத்தில் எழுதாமல் வேலை செய்த மாதத்தின் கீழ் எழுத வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமசுக்குத் தைத்த இரவிக்கைக்கு ஜனவரியில் பணம் வந்தால் அது இக்கணக்கில் சேராது.

நான்கையும் மணிக்கு இவ்வளவு என்று வரிசைப்படுத்தினால், இரவிக்கை ஒன்றுக்கு இரண்டரை மணி வீதம் 260 மணி உழைப்பில் தையல் 70 ரூபாய் தந்து முதலிடம் பெறுகிறது. இட்லி 37 ரூபாய் 50 காசு, ஊதுபத்தி 26, சேலை 24. விற்பனைத் தொகையில் தையலுக்கு நிகராக நின்ற சேலை கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

சராசரியும் இறுதிநிலையும்

இவ்விடத்தில் பலரும் கணக்கை முடித்துவிடுகின்றனர். சேலையையும் ஊதுபத்தியையும் விட்டுவிட்டால் 270 மணி கிடைக்கும். அதை 70 ரூபாயால் பெருக்கினால் 18,900 ரூபாய். ஆகவே வருவாய் வெகுவாக உயரும் என்பது அவர்கள் வாதம். பயிற்சி முகாம்களின் கரும்பலகையில் இக்கணக்கு எழுதப்படுவதுண்டு. இது தவறு.

70 ரூபாய் என்பது இதுவரை செய்த வேலையின் சராசரி. நாம் அறிய வேண்டுவது இனிச் சேர்க்கப்போகும் மணிக்கு என்ன கிடைக்கும் என்பது; பொருளியலார் இதனை இறுதிநிலை வருவாய் என்பர். கூடுதலாக உழைக்க முன்வந்தாலும், தைக்கக் கொடுப்போர் வேண்டுமல்லவா? இதை அறிய நோட்டுப் புத்தகத்தில் இன்னுமொரு குறிப்பு தேவை: நேரமின்மையால் திருப்பி அனுப்பிய வேலைகள் எத்தனை? நம் எடுத்துக்காட்டில் அவ்வாறு திருப்பப்பட்டவை 31 இரவிக்கைகள். அவற்றில் 22 தை மாத முகூர்த்தங்களை ஒட்டி வந்தவை. இவற்றையும் ஏற்றிருந்தால், ஏறத்தாழ 78 மணி நேரத்தில் 5,425 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதற்கு மேல் இதே கூலியில் வேலை இல்லை.

கூலியைக் குறைத்தால் வேலை பெருகாதா என்று கேட்கலாம். கூலி 150 ரூபாயாக்கப்பட்டு, எண்ணிக்கை 104-லிருந்து 150 ஆக உயர்ந்ததாகக் கொள்வோம். இரவிக்கை ஒன்றுக்கு நிகரமாக 125 ரூபாய் வீதம் 18,750 ரூபாய் கிடைக்கும். முன்பு கிடைத்தது 18,200. ஆக 115 மணி அதிகமாக உழைத்துப் பெற்றது 550 ரூபாய். மணிக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. புதிதாக வந்த 46 இரவிக்கைகளுக்காக, பழைய 104 இரவிக்கைகளிலும் ஐம்பது ஐம்பதாக விட்டுக்கொடுத்ததே காரணம். இந்நிலையில், கடைசி இடத்துக்குத் தள்ளிய தொழில்களே தையலைவிட மேலானவை ஆகிவிடுகின்றன. இரயில் நிலையத்தைச் சுற்றிய சில தெருக்களையே சந்தையாகக் கொண்ட தொழிலில், இந்த வரம்பு விரைவில் வந்து நிற்கும். எனவே மாதந்தோறும் திருப்பி அனுப்பிய வேலைகளின் எண்ணிக்கையே, சிறந்த தொழிலுக்கு எவ்வளவு நேரம் மாற்றலாம் என்பதற்கு மேல் எல்லையாகும்.

இறுதிநிலைக் கணக்கு மற்றொன்றையும் வெளிப்படுத்துகிறது. விடுவதற்கு உரியது முழுத்தொழிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல தொழிலுக்குள்ளேயும் வீணான பகுதி ஒளிந்திருக்கலாம். விற்பனையை அரை மணிக்கு ஒருமுறை குறித்துப் பார்த்தால், பெங்களூர் செல்வோரின் கூட்டம் கலைந்த பிறகும் கடையில் அமர்ந்திருக்கும் கடைசி முக்கால் மணியில் நாளொன்றுக்கு 15 ரூபாய் இலாபமே வருவது தெரிகிறது. அது மணிக்கு 20 ரூபாய். ஊதுபத்தியையும் சேலையையும்விடக் குறைவு. சராசரி 37 ரூபாய் 50 காசு என்று நிம்மதி அடைந்திருந்தால் இது கண்ணுக்குப் புலப்பட்டிராது. இட்லியை விடவேண்டாம், கடையை முக்கால் மணி முன்னதாக மூடினால் போதும்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

சேலையை விடலாம் என்பதில் ஐயமில்லை. 114 மணியும், குழுவில் பெற்ற 10,000 ரூபாயும் அதில் சிக்கிக் கிடக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை வேண்டும்: சேலை வாங்குவோரே இரவிக்கை தைக்கக் கொடுப்போராகவும் இருக்கக் கூடும். ஒவ்வொரு தையல் வேலையின் எதிரிலும் வந்தவர் சேலை வாங்கியவரா என்று ஒரு புள்ளி வைத்திருந்தால் இது தெரியும். புள்ளிகள் மிகுதியாக இருந்தால், பெங்களூர்ப் பயணத்தையும் தவணையையும் நிறுத்திவிட்டு, ரொக்கத்துக்கு மட்டும் சில சேலைகளை வைத்துக்கொள்வது தகும். நிலுவையை வசூலிக்க மேலும் ஓரிரு மாதங்கள் ஆகும்; ஆகவே விடுபடும் நேரம் முழுவதும் முதல் வாரத்திலேயே கைக்கு வராது.

ஊதுபத்தி வேறு வகையானது. அதன் கூலி குறைவுதான். ஆயினும் அது உருட்டப்படுவது இரவில், கண் சோர்ந்த பின்னர், அண்டை வீட்டாருடன் பேசிக்கொண்டே. இரவிக்கையைப் பகல் வெளிச்சத்தில்தான் பிழையின்றி வெட்ட முடியும். தவறாக வெட்டிய துணிக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். இரவின் ஒரு மணியைப் பகலின் ஒரு மணியாக எண்ணி இடம் மாற்ற இயலாது. தவிர, அக்கூலி சனிக்கிழமை தவறாமல் ரொக்கமாக வருகிறது. மற்றவை தாமதப்படும் வாரத்தில் காய்கறிக்குக் கைமாற்று வாங்காமல் காப்பது அதுவே. அப்படிக் கைமாற்று வாங்கினால் கொடுக்க வேண்டிய வட்டியையும் ஊதுபத்தியின் வருவாயோடு கூட்டித்தான் மதிப்பிட வேண்டும். இப்போதைக்கு அது இருக்கட்டும்.

இம்மாற்றங்களின் விளைவைக் கூட்டிப் பார்ப்போம். நான்கு தொழில்களிலும் சேர்த்துப் பழைய நிகர வருவாய் 36,656 ரூபாய். உழைத்தது 842 மணி. சேலையில் 2,700 ரூபாயும் காலைக் கடையில் 1,170 ரூபாயும் போகின்றன. தையலில் 5,425 ரூபாய் வருகிறது. புதிய வருவாய் 38,211 ரூபாய், உழைப்பு 747 மணி. கூடுதல் வருவாய் மூன்று மாதத்துக்கு 1,555 ரூபாய்தான். கரும்பலகையில் எழுதிய ஆயிரங்கள் எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாரத்துக்கு ஏழு மணிக்கு மேல் உழைப்பு குறைந்துள்ளது, கடன் தீர்ந்துள்ளது. அந்த ஏழு மணியில் இரவிக்கைக்கு ஆரி வேலைப்பாடு செய்யக் கற்றுக்கொண்டால், அதே வாடிக்கையாளரிடமிருந்து உயர்ந்த கூலி பெற வழியுண்டு. சந்தை சிறியதாக உள்ள இடத்தில் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட வேலையின் தரத்தை மாற்றுவதே பயன் தரும். ஓய்வு எடுத்துக்கொண்டாலும் யாரும் குறை கூறுவதற்கில்லை; வாரம் அறுபத்தைந்து மணி உழைப்பவர் அவர்.

ஒன்றையே நம்புவதன் ஆபத்து

நேரத்தை ஒரே தொழிலில் குவிக்குமாறு மாரிகுப்பத்தில் போய்ச் சொல்பவருக்குச் சற்றுத் தயக்கம் இருக்க வேண்டும். குவிப்பின் முடிவை இவ்வூரார் நேரில் கண்டவர்கள். 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் வந்த சுரங்கங்கள், 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. கூலி மட்டுமன்றி வீடு, குடிநீர், மின்சாரம், மருத்துவமனை ஆகிய அனைத்தும் அந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆழம் கூடக் கூட, ஒவ்வொரு டன் தாதுவையும் மேலே கொண்டுவரும் செலவு ஏறியது. தாதுவில் கிடைத்த தங்கமோ குறைந்துகொண்டே போனது. சராசரியும் இறுதிநிலையும் வேறுவேறு என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தையலுக்கு நேரத்தை மாற்றுவது அவ்வளவு திரும்ப முடியாத செயலன்று. ஆயினும் அதைத் திரும்பக்கூடியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். சேலை மொத்த வியாபாரியுடன் உள்ள பழக்கத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். கையில் வந்த 10,000 ரூபாயைக் குழுவுக்குத் திருப்புவதே நல்லது. இரண்டாவது தையல் பொறி வாங்குவதற்கு மூன்று மாதக் கணக்கு போதுமான ஆதாரம் ஆகாது. ஏனெனில் நம் கணக்கின் ஜனவரி, தை முகூர்த்தங்களால் ஊதிப் பெருத்த மாதம். ஆடியில் திருமணங்கள் நின்றுவிடும். ஜூன் மாதம் பள்ளிச் சீருடைகளால் வேலை மிகும். கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுந்த ஊராதலால் டிசம்பரில் கூட்டம் மீண்டும் வரும். பொறிக்குக் கடன் கேட்கும் விண்ணப்பத்துடன் இவ்வாறான நான்கு காலாண்டுக் கணக்குகள் இணைந்திருந்தால், அலுவலரின் கையில் விற்பனைத் தொகையைவிடப் பயனுள்ள சான்று இருக்கும்.

அடுத்த கணக்கை ஏப்ரல் முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் மூடலாம். அப்போது பார்க்க வேண்டியவை மூன்று. திருப்பி அனுப்பிய இரவிக்கைகள் 31-லிருந்து எத்தனையாகக் குறைந்தன? கூடுதலாகச் செய்த மணிகளுக்கு உண்மையாகவே 70 ரூபாய் கிடைத்ததா? சனிக்கிழமைக் கூலி வருவதற்கு முன் கைமாற்று வாங்க நேர்ந்ததா? திருப்பி அனுப்பியவை இல்லாமலே போய், தைப்பவர் பகலில் வேலைக்குக் காத்திருக்கும் நிலை வந்திருந்தால், மாற்றிய நேரத்தில் ஒரு பகுதியை மீண்டும் பழைய தொழில் ஒன்றுக்குத் திருப்ப வேண்டியதுதான்.